தோலுக்கடியில் வளர்ந்த முடி

பச்சையப்பனின் கண்ணுக்குத் தப்பி ஒரு தூசிகூடப் பெயின்ட்டின் மேல் குடியிருக்க முடியாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஜெனரேட்டர் மூடிகளுக்குப் பெயின்ட் அடித்துக் கொடுக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் அவர்தான் தலைமை ஸ்ப்ரே பெயின்டர். காய்ந்த தகடு பூத் என்கிற ஸ்ப்ரே அறையை விட்டு வெளியே வந்ததும் டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்து வைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்ப்பார். எங்காவது அரைக் கடுகு அளவுக்கு ஒரு மேடு தட்டுப்பட்டால் போதும். எமரித் தாளை நனைத்துத் தேய்த்துச் சமமாக்கி, இன்னொரு கோட் அடித்து முடித்த பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கும்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு வாய்த்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் வயிறெரியும். கன்னம் பரவாயில்லை. தாடைக்குக் கீழே, கழுத்து தொடங்கும் இடம் முழுக்கப் பொரிப் பொரியாகக் கறுத்த மேடுகள். சிலது சிவந்திருக்கும், சிலது எரியும், சிலது ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்து மானத்தை வாங்கும். காலையில் நெமிலிச்சேரியில் ரயில் ஏறினால் பட்டரவாக்கத்தில் இறங்குகிற வரை கைக்குட்டையைத் தாடையில் வைத்துக்கொண்டே வருவார். பல்வலிக்காரர் என்று நினைத்து இடம் கொடுத்தவர்களும் உண்டு.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. அப்போதெல்லாம் வாரத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் ஷேவிங். வாயில் ஈரத் துணியைக் கட்டிக்கொண்டு பெயின்ட் அடித்த காலம் அது. கூட வேலை பார்த்த யூசுப்புக்கு இருமல் வந்தது, பிறகு இழுப்பு வந்தது, கடைசியில் பெயின்ட்டோடு கலக்கும் ஹார்டனரின் நெடி லேசாக அடித்தாலே மூச்சு முட்டியது. யூசுப்பை ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகு கம்பெனிக்கு ஹேமாவதி என்ற பாதுகாப்பு அதிகாரி வந்தார். பூத்துக்குள் போகிறவர் முகத்தோடு ஒட்டுகிற மாஸ்க் போட வேண்டும், மாஸ்க்கின் ரப்பர் விளிம்பு படும் இடத்தில் ஒரு நாள் தாடிகூட இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்.

பச்சையப்பன் அதை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. யூசுப் படி ஏறும்போது நடுவில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்வதைக் கண்ணால் பார்த்தவர் அவர். அதனால் சட்டத்துக்கு மேலேயே போனார். தகட்டை எப்படித் தயார் செய்வாரோ அப்படியே முகத்தையும் தயார் செய்தார். மூன்று பிளேடு வைத்த ரேசரை வாங்கி, தோலை இடது கையால் இழுத்துப் பிடித்து, முடி வளரும் திசையில் ஒரு தடவை, எதிர்த்திசையில் ஒரு தடவை, விரலால் தடவிப் பார்த்து எங்காவது சொரசொரப்பு இருந்தால் அங்கே மட்டும் இன்னும் ஒரு தடவை வழிப்பார். ஷேவ் செய்து முடித்த தாடை மழமழவென்று மின்னும். ரெண்டு நாளில் பொரி கிளம்பும். மேடு கிளம்பினால் என்ன செய்வது என்று பெயின்டருக்குச் சொல்லித்தர வேண்டுமா? மறுநாள் இன்னும் அழுத்தி வழிப்பார்.

மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஒரு ட்யூப் மருந்தைத் தடவினார். ஒரு வாரம் அடங்கிக் கிடந்தது, நிறுத்தியதும் இரண்டு பங்காகத் திரும்பி வந்தது. ஷேவ் செய்த கையோடு படிகாரம் தேய்த்தார், டெட்டால் ஊற்றினார். அழுக்கினால் வருகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு சோப்பைப் போட்டு நாரால் தேய்த்தார். அழுக்காயிருந்தால் அது போயிருக்கும். போகவில்லை என்பதால், தன் ரத்தத்திலேயே ஏதோ கெட்டுக் கிடக்கிறது என்று தானாகவே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

அந்தத் தீர்ப்பை வீட்டிலும் நிறைவேற்றினார். பாத்ரூம் கதவுக்குப் பின்னால் தனியாக ஓர் ஆணி அடித்துத் தன் நீலத் துண்டை அதில் மாட்டினார். சோப்பு தனி, தலையணை தனி. மனைவி சுலோசனாவின் பக்கம் முகத்தைத் திருப்பாமல், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அவளுக்கு ஒட்டிவிடக் கூடாதே என்ற பயம்தான். அதை அவளிடம் விளக்கிச் சொல்லவும் வெட்கமாக இருந்தது. சுலோசனாவும் எதுவும் கேட்கவில்லை. பேசுகிற பேச்சையெல்லாம் பேசுகிறவள், அந்த ஆணியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இந்த வருஷம் வெயில் கொளுத்தும்போது பிரச்சினை வேறு வழியில் வந்தது. பூத்தில் அவரோடு வேலை பார்ப்பவன் ஜஸ்டின், முப்பது வயசு இருக்கும், கால்பந்து ஆடுகிறவன். உடம்பைப் பிடிக்கிற நைலான் அரைக்கால் சட்டையை உள்ளே போட்டுக்கொண்டு, அதன் மேல் முழு உடுப்பையும் மாட்டி, வியர்வை ஊறஊற வேலை செய்து, அதே கோலத்தில் பைக்கில் மைதானத்துக்குப் போவான். அவனுடைய தொடை இரண்டிலும் சின்னச் சின்னச் சீழ்க் கொப்புளங்கள் கிளம்பின. உட்கார்ந்தால் எரிச்சல், நடந்தால் உராய்வு. லாக்கர் ரூமில் அவன் உடுப்பைக் கழற்றும்போது சூப்பர்வைசர் பூபாலன் பார்த்துவிட்டார்.

லாக்கர் ரூமில் ஒரே ஒரு பெரிய துண்டு தொங்கும். வேலை முடிந்ததும் எல்லோரும் அதில்தான் வியர்வையைத் துடைப்பார்கள். பூபாலன் அந்தத் துண்டைப் பார்த்தார், ஜஸ்டின் தொடையைப் பார்த்தார், பச்சையப்பன் தாடையைப் பார்த்தார். கணக்கு முடிந்துவிட்டது.

"நைனா, உன்னுதுதான் அவனுக்கு ஒட்டிகினு கீது," என்றார் பூபாலன். "இனிமே இந்தத் துண்டைத் தொடாத. தண்ணி குடிக்கற டம்ளரும் உனக்கு வேற."

பூபாலன் கெட்டவர் இல்லை. மற்றவர்களைக் காப்பாற்றுகிறோம் என்று நம்பித்தான் சொன்னார். ஜஸ்டின்தான் வாயைத் திறந்து, அண்ணாத்தே மேல் பழி போட வேண்டாம் என்று முனகினான். பச்சையப்பன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. வீட்டில் தானே தனக்கு அடித்துக்கொண்ட ஆணியை வேலை இடத்தில் இன்னொருவர் அடித்திருக்கிறார், அவ்வளவுதானே என்று தோன்றியது. ஆனாலும் அன்றைக்கு அவர் அடித்த தகடு ஒன்றில் பெயின்ட் வழிந்து கோடு போட்டது. அந்தக் கம்பெனியில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் மாஸ்க் சோதனை. வருஷத்துக்கு ஒரு முறை ஹேமாவதி இதை நடத்துவார். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், தலைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கூடாரத்தைக் கவிழ்த்து, உள்ளே கசப்புத் தண்ணீரைப் புகையாகப் பீய்ச்சுவார். மாஸ்க் சரியாக ஒட்டியிருந்தால் ஒன்றும் தெரியாது. எங்காவது இடைவெளி இருந்தால் நாக்கில் கசக்கும். கசந்தால் பூத்துக்குள் போக முடியாது. போக முடியாதவர்கள் பேக்கிங்கில் நின்று அட்டைப் பெட்டி ஒட்டுவார்கள். பச்சையப்பனுக்கு அது வேலையே இல்லை. பூத்துக்குள் ஸ்ப்ரே கன்னைப் பிடித்து நிற்கும்போதுதான் தான் யார் என்பது அவருக்குத் தெரியும். மற்ற நேரமெல்லாம் கைக்குட்டையால் தாடையை மறைத்துக்கொண்டு திரிகிற ஓர் ஆள்.

சோதனைக்கு முன்னால் முகத்தைச் சமப்படுத்தியே தீர வேண்டும் என்று அவருக்கு வெறி வந்தது. தாடைக்குக் கீழே, ரப்பர் விளிம்பு உட்காரும் இடத்தில் ஒரு மேடு மட்டும் பெரிதாக நின்றது. ஸ்ப்ரே கன்னின் மூக்கில் பெயின்ட் அடைத்தால் குத்தி எடுக்க மெல்லிய ஊசிகள் வைத்திருப்பார்கள். அதில் மிக மெல்லியதை எடுத்து, பெயின்ட் கரைக்கும் தின்னரில் துடைத்துக்கொண்டு, லாக்கர் ரூம் கண்ணாடி முன் நின்று அந்த மேட்டைத் தோண்டினார். கை நடுங்காத மனிதர். ஒரு பொட்டு ரத்தமும் கொஞ்சம் நீரும் வந்தன. உள்ளே கறுப்பாக ஏதோ தெரிந்த மாதிரி இருந்தது. அதைப் பிடிக்கப் போனால் இன்னும் உள்ளே போனது. தோண்டியதைப் பொதுத் துண்டின் ஓரத்தாலேயே அழுத்திப் பிடித்தார், தொடக் கூடாது என்று சொன்ன அதே துண்டுதான். கைக்கு அதுதான் எட்டியது.

இரண்டு நாளில் அந்த இடம் நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியது. தொட்டால் கொதித்தது, வாயைத் திறந்து மெல்ல முடியவில்லை, உடம்பு காய்ந்தது. அதோடுதான் சோதனைக்கு உட்கார்ந்தார். வீங்கிய இடத்தில் ரப்பர் உட்காரவில்லை. ஹேமாவதி முதல் முறை பீய்ச்சியதுமே நாக்கின் நுனியில் கசப்பு ஏறியது. தெரியவில்லை என்று ஒரு வார்த்தை பொய் சொல்லியிருக்கலாம். யூசுப் ஸ்டோர் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"கசக்குது மேடம்," என்றார் பச்சையப்பன்.

ஹேமாவதி கூடாரத்தைத் தூக்கிவிட்டு அவருடைய தாடையைப் பார்த்தார். திட்டவில்லை. ஜஸ்டினையும் அழைத்து, இருவரையும் அன்றைக்கே ஆவடியில் தனக்குத் தெரிந்த தோல் டாக்டரிடம் போகச் சொன்னார். பேக்கிங் பற்றி அப்புறம் பேசலாம் என்றார். பூபாலன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது, டாக்டராவது வந்து அடித்துச் சொல்லட்டும் என்பது போல.

டாக்டர் ஷோபனாவின் அறை சின்னது. மேஜை மேல் ஒரு திரை, அதிலிருந்து ஒயரில் தொங்கும் டார்ச் லைட் மாதிரி ஒரு கருவி. முதலில் ஜஸ்டினைப் பார்த்தார். கருவியை அவன் தொடையில் ஒரு கொப்புளத்தின் மேல் வைத்ததும் அது திரையில் தட்டு அளவுக்கு விரிந்தது. மஞ்சளாகச் சீழ் கட்டிய ஒரு குமிழி, அதன் நட்டநடுவே நேராக எழுந்து நிற்கும் ஒரே ஒரு முடி, சுற்றிலும் சிவந்த வளையம். முடி முளைக்கிற குழிக்குள் கிருமி புகுந்து சீழ் வைத்திருக்கிறது என்றார் டாக்டர். சீழில் கொஞ்சம் பஞ்சுக் குச்சியில் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். நைலானும் வியர்வையும் உராய்வும் சேர்ந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம் என்றும் சொன்னார்.

பிறகு பச்சையப்பனின் முறை. வீங்கிய கட்டியை டாக்டர் தொடவில்லை. அதற்குப் பக்கத்தில், சும்மா உட்கார்ந்து மானத்தை வாங்கும் பழைய பொரி ஒன்றின் மேல் கருவியை வைத்தார். பச்சையப்பன் கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே புழு நெளிவதைப் பார்க்கப்போகிறோம் என்றே நினைத்தார்.

"கண்ணத் தொறங்க," என்றார் டாக்டர். "நீங்களே பாருங்க."

திரையில் சீழ் இல்லை. அழுக்கு இல்லை. வெளிறிய தோலுக்கு அடியில், கண்ணாடிக்குள் வைத்தது போல, ஒரு கறுத்த முடி. ஒரு குழியிலிருந்து வெளியே வந்து, வில் மாதிரி வளைந்து, பக்கத்திலேயே தலையைக் குனிந்து தோலுக்குள் புகுந்து, அடியில் ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்திருந்தது. டாக்டர் கருவியை நகர்த்தினார். அடுத்த பொரியிலும் ஒரு முடி. அடுத்ததிலும். சில இடங்களில் முடி வெளியே வரவே இல்லை. குழிக்குள்ளேயே பக்கவாட்டில் குத்திக்கொண்டு தோலுக்கடியில் வளர்ந்திருந்தது.

பச்சையப்பன் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். ஈரப் பெயின்ட்டில் ஒரு பிரஷ் முடி விழுந்து, அதைக் கவனிக்காமல் மேலே நிறமில்லாத கிளியர் கோட் அடித்துவிட்டால் இப்படித்தான் இருக்கும். எத்தனை மூடிகளை அந்த ஒரு முடிக்காகச் சுரண்டித் திரும்ப அடித்திருக்கிறார். ஆனால் அந்த முடி செத்த முடி. இது வளர்கிறது. மூடிய இடத்துக்குள், வெளிச்சம் இல்லாமல், வழி தெரியாமல், தன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டே இருக்கிறது. தூசியின் ஜாதகத்தையே சொல்கிற அவருடைய கண், வருஷக்கணக்கில் கண்ணாடியில் பார்த்த மேட்டுக்குள் இருந்தது என்ன என்று ஒரு நாளும் கண்டதில்லை.

டாக்டர் நிதானமாக விளக்கினார். அவருடைய தாடி சுருள் முடி. தோலை இழுத்துப் பிடித்து, எதிர்த்திசையில், பல பிளேடால் வழித்தால் முடி தோல் மட்டத்துக்கும் கீழே, கூர்முனையோடு வெட்டப்படுகிறது. கையை விட்டதும் தோல் மேலே மூடிக்கொள்கிறது. கூர்முனை உள்ளிருந்தே குத்துகிறது. வெளியே வந்த முடியும் சுருண்டுகொண்டு திரும்பி வந்து குத்துகிறது. தன் முடிதான் என்று உடம்புக்குத் தெரியாது. முள் ஏறிவிட்டது என்று நினைத்து அந்த இடத்தை வீங்க வைத்துப் போராடுகிறது. நாரும் டெட்டாலும் தோலைப் புண்ணாக்கியதுதான் மிச்சம், ட்யூப் மருந்து கொஞ்ச நாளைக்கு வீக்கத்தை மட்டும் மறைத்தது.

"அப்போ இது கிருமி இல்லியா டாக்டரம்மா?"

"இல்ல. இது உங்க முடி. யாருக்கும் ஒட்டாது. உங்க மனைவி, வேலையில இருக்கறவங்க, யாருக்குமே ஒட்டாது."

அவர் ஜஸ்டினைத் திரும்பிப் பார்த்தார். ஜஸ்டின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கிருமி புகுந்தது அந்த ஒரு கட்டியில் மட்டும்தான் என்றார் டாக்டர். ஊசியால் தோண்டித் தோலைத் திறந்துவிட்டதால் வந்தது அது. அந்தக் கிருமி பொதுத் துண்டிலிருந்து வந்ததா, அவருடைய தோலிலேயே இருந்ததா, யாரிடமிருந்து யாருக்கு என்றெல்லாம் சொல்ல முடியாது, பலருடைய தோலிலும் மூக்கிலும் அது சும்மா குடியிருக்கும் என்றார். மரத்துப்போக ஊசி போட்டுக் கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்றினார். மாத்திரை எழுதினார். கட்டி ஆறுகிற வரைக்கும் துண்டும் தலையணை உறையும் தனியாக இருக்கட்டும், அதற்குப் பிறகு தேவையில்லை. லாக்கர் ரூமின் பொதுத் துண்டுக்கு மட்டும் நிரந்தரமாக முழுக்குப் போட்டுவிட வேண்டும். ரேசரை எப்போதும் யாரோடும் பகிரக் கூடாது.

கிளம்பும் முன் டாக்டர் ஒரு காரியம் செய்தார். பழைய பொரி ஒன்றில் தோலுக்கு மேலாகவே வளையம் தெரிந்த ஒரு முடியை, புதுசாகப் பிரித்த ஊசியின் முனையால் நெம்பினார். தோண்டவில்லை, பிடுங்கவும் இல்லை. வளையத்துக்கு அடியில் முனையைக் கொடுத்து மெல்லத் தூக்கினார். திரையில் அந்த முடி மண்ணிலிருந்து வெளிவருகிற மாதிரி வந்தது, வந்துகொண்டே இருந்தது. கடைசியில் நுனி விடுபட்டதும் சட்டென்று நிமிர்ந்து, ஆடி, நின்றது. விரல் நகத்தின் நீளம் இருக்கும். இவ்வளவும் உள்ளேதான் இருந்ததா என்று திரையை நோக்கிக் குனிந்தார் பச்சையப்பன்.

ஆனால் டாக்டர் அடுத்துச் சொன்னதில் மறுபடியும் தலையில் இடி. ஒரு மாதமாவது ரேசர் தாடையில் படக் கூடாது. முதலில் கொஞ்சம் கூடுவது போல் தெரியும், பொறுத்துக்கொள்ள வேண்டும். வெந்நீரில் நனைத்த துணியால் ஒத்தடம், ராத்திரியில் ஒரு க்ரீம். முடி நீண்டதும் தானாகவே விடுபட்டு வெளியே வரும். அதன் பிறகும் ஒட்ட வழிக்காமல் ட்ரிம்மரால் லேசாக முடியை விட்டு வைப்பதே இந்தத் தாடிக்கு நல்லது. வழித்தே தீர வேண்டிய நாள் வந்தால், வெந்நீரில் முடியை ஊறவிட்டு, நுரை தடவி, ஒற்றைப் பிளேடால், தோலை இழுக்காமல், முடி வளரும் திசையில் ஒரே ஒரு முறை. அப்படிச் செய்தாலும் தினமும் செய்தால் திரும்ப வர வாய்ப்பு உண்டு என்று டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

தாடி வைத்தால் மாஸ்க் ஒட்டாது. மாஸ்க் இல்லாமல் பூத் இல்லை. ரயிலில் திரும்பும்போது ஜஸ்டின் ஆறுதல் சொல்லச் சொல்லப் பச்சையப்பன் காதில் வாங்கவே இல்லை.

மறுநாள் ஜஸ்டின் நேராகப் பூபாலனிடம் போய், டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் ஒப்பித்தான். அவனே அந்தப் பொதுத் துண்டை எடுத்துக் குப்பையில் போட்டான். சாயங்காலம் பூபாலன் பச்சையப்பனின் தனி டம்ளரை எடுத்து மற்றவற்றோடு கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அவருக்கு அதற்கு மேல் மன்னிப்புக் கேட்கத் தெரியாது.

ஹேமாவதியிடம் பச்சையப்பன் கெஞ்சிப் பார்த்தார். விளிம்பு படும் இடத்தை மட்டும் வழித்துக்கொள்கிறேன் என்றார். அந்த இடத்தில்தானே பொரியே இருக்கிறது என்றார் ஹேமாவதி. இரண்டு கோட் மட்டும் அடித்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றதற்கு, அவர் ஸ்டோர் ஜன்னலைக் காட்டினார். அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. பச்சையப்பன் பேக்கிங்குக்குப் போனார்.

பெட்டி ஒட்டினார். பூத்தின் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் வலது கையின் ஆள்காட்டி விரல் தானாக மடங்கியது. ராத்திரியில் ஒத்தடம், க்ரீம், காலையில் கண்ணாடி. முதல் வாரம் டாக்டர் எச்சரித்தபடியே எரிச்சல் கூடியது. கை ரேசரைத் தேடிப் போனது. அந்தச் சமயத்தில் எல்லாம் திரையில் பார்த்த அந்தக் கறுத்த வளையத்தை நினைத்துக்கொள்வார், கை இறங்கிவிடும். பிறகு ஒரு காலையில், பொரியாக இருந்த இடத்தில் பொரி இல்லை. ஒரு சுருள் முடி வெளியே நின்றது. அடுத்த நாள் இன்னும் இரண்டு. தாடி வந்தது. கறுப்பும் வெள்ளையுமாக, நெருக்கமாக, சுருள் சுருளாக. தன் தாடி இப்படி இருக்கும் என்று இந்த வயது வரைக்கும் அவருக்குத் தெரியாது. வழிக்கிற வேகத்தில் அதைப் பார்க்கவே இல்லை. கறுத்த தழும்புகள் மட்டும் மெதுவாகத்தான் மங்கும் என்றார் டாக்டர். அது போகட்டும்.

ஜஸ்டினின் தொடை அதற்கு முன்பே ஆறிவிட்டது. பரிசோதனையில் கிருமி வளர்ந்தது, அதற்கான மருந்து தடவினான். நைலானைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தொளதொளவென்று பருத்திக்கு மாறினான், வேலை முடிந்ததும் குளித்துவிட்டுத்தான் பைக்கைத் தொட்டான். அண்ணாத்தே இல்லாத பூத்தில் தகடுகள் திரும்பத் திரும்ப எமரிக்கு வருகின்றன என்று அவனே முதலாளி காதில் போட்டான். ஹேமாவதி ஏற்கெனவே வேறு ஒரு விஷயத்தை முதலாளி காதில் போட்டு வைத்திருந்தார்.

அது ஒரு நாள் பெட்டியில் வந்து இறங்கியது. தலையோடு தோள் வரை மூடுகிற ஒரு ஹூட், முன்னால் கண்ணாடி. பின்னால் ஒரு குழாய். கம்ப்ரசர் காற்றில் எண்ணெயும் ஈரமும் இருக்கும் என்பதால் அதைச் சுத்தமாக்கும் ஃபில்டர்களைத் தனியே சுவரில் மாட்டியிருந்தார்கள். இது முகத்தோடு ஒட்டத் தேவையில்லை, உள்ளே காற்று வந்துகொண்டே இருந்து வெளிப்பக்கமாகத் தள்ளுவதால் நெடி உள்ளே வராது, தாடி எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று ஹேமாவதி சொன்னார். எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகே பச்சையப்பன் தலையில் மாட்டினார்.

காற்று முகத்தில் பட்டது. கொரட்டூர் ஏரிப் பக்கம் சாயங்காலம் நடந்தால் படுகிற மாதிரி. எந்த ரப்பரும் தாடையை அழுத்தவில்லை. தாடிக்குள் காற்று புகுந்து ஒவ்வொரு முடியையும் தனித்தனியாக அசைத்தது, அது ஒவ்வொன்றும் அவருக்குத் தெரிந்தது. கன்னை எடுத்தார். முதல் தகட்டை அடித்து முடித்து வெளியே கொண்டு வந்து லைட்டுக்குக் கீழே சாய்த்தபோது, பூபாலன் முதல் ஆளாக வந்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். பார்த்துவிட்டு, சோறு தின்னப் போகலாம் என்றார்.

மறுநாள் காலை பச்சையப்பன் வீட்டில் ட்ரிம்மரால் தாடியை ஒழுங்கு செய்துகொண்டிருந்தார். சுலோசனா முகம் கழுவிவிட்டுப் பாத்ரூமிலிருந்து வந்தாள். கொடியில் அவளுடைய துண்டு தொங்கியது. அவள் கை அந்தப் பக்கம் போகவில்லை. கதவுக்குப் பின்னால் இன்னும் பிடுங்காமல் இருந்த ஆணியிலிருந்து நீலத் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"அது என் துண்டு," என்றார் அவர்.

"தெரியும்யா," என்றாள். "நீ ரயிலுக்குப் போன அப்புறம் தெனமும் இதுலதான் தொடைச்சிகினு கீறேன். நீ ஆணி அடிச்ச அன்னிலேர்ந்து. கட்டி ஒடைஞ்சிகினு இருந்தப்போ மட்டும் தொடல, டாக்டரம்மா சொன்னாங்கன்னு நீ சொன்னியேன்னு."

பச்சையப்பன் ட்ரிம்மரை நிறுத்தினார். எழுந்து போய் அவளுடைய இரண்டு கன்னங்களையும் பிடித்து, டியூப் லைட்டுக்குக் கீழே முகத்தைச் சாய்த்து, ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டே நின்றாள். ஒரு மேடுகூட இல்லை.